எதிர்மறைப் பின்னூட்டம் மாற்றத்தைப் பெருக்குமா? தைராய்டு கேள்விகளை அணுகும் முறை

நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் வரும் தேர்வுகளில் இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: "தைராக்ஸின் குறையும்போது டி.எஸ்.எச். அதிகரிக்கிறது, இவ்வாறு எதிர்மறைப் பின்னூட்டம் அந்த மாற்றத்தை மேலும் பெருக்குகிறது." முதல் பாதி சரி. இரண்டாம் பாதி முழுத் தவறு. மாணவர் விடைத்தாளில் இது வரும். கொள்குறி வினாவின் நான்கு விடைகளில் ஒன்றாகவும் வரும். சில பயிற்சி ஏடுகளில் இதையே சரியான விடை என்று போட்டிருப்பதும் உண்டு. முன்பாதி பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருப்பதால், பின்பாதியை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை.

பின்னூட்டம் பற்றிய கேள்விகள் இன்சுலின், கார்ட்டிசால், பாராதைராய்டு என்று பல சுரப்பிகளை வைத்துக் கேட்கப்படுகின்றன. இந்த அத்தியாயத்தில் தைராய்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் குழப்பம் எங்கெல்லாம் பிறக்க முடியுமோ அத்தனை இடமும் அதில் இருக்கிறது. அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மற்ற சுரப்பிகளுக்கும் அதே வழி போதும்.

வளையத்தை ஒரு முழுச் சுற்று போங்கள்

ஹைபோதலாமஸ் டி.ஆர்.எச். என்ற சிறிய ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியின் முன்கதுப்பைத் தூண்ட, அங்கிருந்து டி.எஸ்.எச். வெளிவருகிறது. டி.எஸ்.எச். ரத்தத்தில் பயணித்துக் கழுத்தில் உள்ள தைராய்டைத் தூண்ட, அது தைராக்ஸினைச் சுரக்கிறது. தைராக்ஸினை இனி டி4 என்று சுருக்கமாக எழுதுகிறேன். இதுவரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தூண்டிக்கொண்டே போகிறார்கள். நான்காவது அடிதான் முக்கியமானது. டி4 ரத்தத்தின் வழியே மீண்டும் பிட்யூட்டரிக்கு வந்து, அங்குள்ள செல்களுக்குள் டி3 ஆக மாறுகிறது. அந்த டி3, செல்லின் உட்கருவுக்குள் போய் டி.எஸ்.எச். தயாரிக்கும் மரபணுவின் வேலையைத் தணிக்கிறது. ஹைபோதலாமஸிலும் அதேபோல் டி.ஆர்.எச். உற்பத்தி தணிகிறது.

தவறான விடை எழுதுபவர்களில் பெரும்பாலோர் இந்த நான்காவது அடிக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். "டி4 குறைந்தது, டி.எஸ்.எச். கூடியது" என்று எழுதியதும் ஒரு மாற்றத்திலிருந்து இன்னொரு மாற்றம் பிறந்துவிட்டதைப் பார்க்கிறார்கள். இரண்டாவது மாற்றம் முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிவதால் "பெருகியது" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் பின்னூட்டம் என்ன செய்தது என்று கேட்டால், எந்தப் பொருளில் மாற்றம் தொடங்கியதோ அதே பொருளுக்குத் திரும்பி வந்துதான் பதில் சொல்ல வேண்டும். டி4 குறைந்தது, டி.எஸ்.எச். கூடியது, கூடிய டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டியது, டி4 சுரப்பு கூடியது. தொடக்கத்தில் டி4 கீழே இறங்கியது, சுற்று முடியும்போது அது மேலே தள்ளப்படுகிறது. தொடக்கமும் முடிவும் எதிரெதிர் திசையில் இருந்தால் வளையம் மாற்றத்தை எதிர்க்கிறது. ஒரே திசையில் இருந்தால் பெருக்குகிறது.

இதைப் படத்தில் சரிபார்க்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. வளையத்தின் ஒவ்வொரு அம்புக்கும் தூண்டினால் கூட்டல் குறி, தடுத்தால் கழித்தல் குறி போடுங்கள். கழித்தல் குறிகள் ஒற்றைப்படையாக வந்தால் அது எதிர்மறைப் பின்னூட்டம். இரட்டைப்படையாகவோ ஒன்றுகூட இல்லாமலோ இருந்தால் அது நேர்மறைப் பின்னூட்டம். தைராய்டில் டி.ஆர்.எச்.சிலிருந்து டி.எஸ்.எச்., அங்கிருந்து டி4 என இரண்டு கூட்டல். டி4 திரும்பி வந்து தடுப்பது ஒரு கழித்தல். ஆக ஒன்று, ஒற்றைப்படை. எந்தச் சுரப்பி, எந்த ஹார்மோன் என்று பெயரே தெரியாத படத்தைக் கொடுத்துக் கேட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். தவறான வாக்கியம் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டு வளையத்தை இரண்டு சுற்று ஓட்டுங்கள். டி4 சற்றே குறைகிறது. மாற்றம் பெருக வேண்டுமானால் டி.எஸ்.எச்.சும் குறைய வேண்டும். அது குறைந்தால் டி4 இன்னும் குறையும், டி.எஸ்.எச். இன்னும் இறங்கும். ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் கழிய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அப்படியானால் ஒருவருக்கு எப்போதாவது டி4 கொஞ்சம் இறங்கினாலும் சில வாரங்களில் அது அடிமட்டத்துக்குப் போய்விடும். கொஞ்சம் ஏறினால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். நலமாக உள்ள ஒருவருக்கு டி4 அளவு ஆண்டுக்கணக்கில் ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. பெருக்கும் வளையத்தால் அப்படி நிறுத்திவைக்க முடியாது.

டி.எஸ்.எச். பல மடங்கு கூடுகிறதே?

கவனமாகப் படிக்கும் மாணவர்கள் எழுப்பும் கேள்வி இது. இதற்கு நேரான பதில் வேண்டும். டி4க்கும் டி.எஸ்.எச்.சுக்கும் உள்ள உறவு சமமான படிகளில் போவதில்லை. புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக உலவும் டி4 பாதியாகக் குறைந்தால், டி.எஸ்.எச். சுமார் நூறு மடங்கு வரை ஏறக்கூடும் என்பது மருத்துவப் பாடநூல்கள் தரும் கணக்கு. எண்ணைப் பார்த்தால் பெருக்கம் போலத்தான் தெரியும். உண்மையில் ஒரு பெருக்கம் அங்கே நடக்கவும் செய்கிறது. ஆனால் பெருகுவது திருத்தும் சமிக்ஞை. திருத்தப்பட வேண்டிய மாற்றம் பெருகவில்லை. தூங்குகிறவரை எழுப்பக் குரலை உயர்த்துகிறோம். குரல் உயர்ந்ததால் தூக்கம் ஆழமாகிவிடுவதில்லை.

எண்களோடு ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நான் அமைத்த எண்கள் இவை என்றாலும், மருத்துவமனைகளில் அன்றாடம் பார்க்கக்கூடிய அளவுகள்தான். நாற்பது வயதுப் பெண் ஒருவர். நலமாக இருந்தபோது அவருடைய தனி டி4 ஒரு டெசிலிட்டருக்கு 1.2 நானோகிராம், டி.எஸ்.எச். லிட்டருக்கு 1.5 மில்லி யூனிட். பின்னர் அவருடைய நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கத் தொடங்குகிறது. இதற்கு ஹாஷிமோட்டோ நோய் என்று பெயர். சுரப்பியின் திறன் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பின்னூட்டமே இல்லாத உடலாக இருந்தால் டி.எஸ்.எச். அதே 1.5இல் நிற்கும், பாதித் திறனுள்ள சுரப்பி பாதி அளவே சுரக்கும், டி4 0.6க்கு இறங்கிவிடும். ஆனால் இவருடைய பரிசோதனைத் தாளில் டி4 0.9, டி.எஸ்.எச். 10 என்று இருக்கிறது. டி4 கீழ் எல்லையை ஒட்டினாலும் இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது; டி.எஸ்.எச். மட்டும் இயல்பான 0.4 முதல் 4 வரை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. டி.எஸ்.எச். ஆறேழு மடங்கு ஏறி, மிச்சமிருந்த செல்களை விரட்டி வேலை வாங்கியதால்தான் டி4 0.6க்குப் போகாமல் 0.9இல் நின்றது. பின்னூட்டம் இல்லாவிட்டால் இழப்பு 0.6, பின்னூட்டத்தோடு இழப்பு 0.3. மாற்றம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது.

இதே கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழப்பு பாதியாகச் சுருங்கியதே தவிர முழுவதும் ஈடாகவில்லை. "எதிர்மறைப் பின்னூட்டம் ஹார்மோனைச் சரியாகப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் துல்லியமான விடை அல்ல. டி4 முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டால் டி.எஸ்.எச். உயர்ந்தே இருப்பதற்கு ஒரு காரணமும் இருக்காது, அதுவும் இறங்கிவிடும். அது இறங்கினால் பாதித் திறனுள்ள சுரப்பி மறுபடியும் தளரும். ஆகவே டி4இல் சிறு குறை மிச்சமிருக்க, அந்தக் குறைதான் டி.எஸ்.எச்.சை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "மாற்றத்தை எதிர்த்துக் குறைக்கிறது" என்பதே பொருத்தமான சொல்லாட்சி. "முழுவதும் நீக்குகிறது" என்று எழுத வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குத் தைராக்ஸின் மாத்திரை தரப்படுகிறது. டி4 மெல்ல ஏறுகிறது, டி.எஸ்.எச். மெல்ல இறங்குகிறது. மருந்தின் அளவு போதுமா என்று பார்க்க மருத்துவர்கள் 6 முதல் 8 வாரம் காத்திருந்து டி.எஸ்.எச். எடுப்பது இதனால்தான். டி4 ரத்தத்தில் நிலைபெறவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும்; பிட்யூட்டரி அதற்கேற்பத் தணிய இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

கழலை பெருத்தது, மாற்றமும் பெருத்ததா?

அயோடின் பற்றாக்குறையை வைத்துக் கேட்கும் வினா தேர்வுகளில் நிலையாக வருவது. அதில் விழும் தவறு வேறு வகையானது. "அயோடின் இல்லை, டி4 குறைந்தது, டி.எஸ்.எச். கூடியது, சுரப்பி வீங்கியது, எனவே பின்னூட்டம் பாதிப்பைப் பெருக்கியது" என்று எழுதுவார்கள். கழுத்தில் தெரியும் வீக்கம் கண்ணை மறைத்துவிடுகிறது.

டி.எஸ்.எச்.சுக்குத் தைராய்டில் இரண்டு வேலைகள் உண்டு. ஹார்மோன் சுரக்கச் செய்வது ஒன்று. சுரப்பிச் செல்களை வளரச் செய்வது இன்னொன்று. அயோடின் குறைவாக வரும்போது சுரப்பி பெரிதாவது, கிடைக்கும் கொஞ்ச அயோடினையும் பிடித்துச் சேர்ப்பதற்கான ஈடுகட்டும் முயற்சி. பெருத்தது திசு. வளையம் காக்க முயல்வது ரத்தத்தில் உள்ள டி4 அளவை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். கலந்துவிட்டால் விடை கெட்டுவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. இமயமலை அடிவாரத்தில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில், 1956இல் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பை மக்களுக்குக் கொடுத்து ஆய்வு தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த உப்பு கிடைத்த பகுதிகளில் பள்ளிக் குழந்தைகளிடையே முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் இந்திய அரசு தேசிய அளவில் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்க அந்த ஆய்வு அடித்தளமாயிற்று. வளையத்தின் மொழியில் சொன்னால், அயோடின் வந்ததும் டி4 ஏறியது, டி.எஸ்.எச். தணிந்தது, சுரப்பியை வளரத் தூண்டிய காரணமே விலகியது. மாற்றத்தைப் பெருக்கும் வளையம் இப்படித் தானாகப் பின்வாங்காது. நெடுநாள் இருந்து கட்டிகட்டியாகிவிட்ட கழலை உப்பினால் மறையாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது திசுவில் ஏற்பட்டுவிட்ட நிலையான மாற்றம். பின்னூட்டத்தின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

வளையம் அறுந்த இடங்கள்

டி4, டி.எஸ்.எச். இரண்டும் எதிரெதிராகப் போனால் கேள்வி எளிது. இரண்டும் ஒரே பக்கம் போகும்படி எண்களைக் கொடுத்துக் கேட்டால் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். டி4 குறைவு, டி.எஸ்.எச்.சும் குறைவு என்று தருவார்கள். "டி4 குறைந்தது டி.எஸ்.எச்.சையும் குறைத்தது, எனவே பின்னூட்டம் பெருக்கியது" என்ற விடை அங்கே மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். அம்பின் திசையைத் திருப்பிப் பாருங்கள். பிட்யூட்டரி பழுதடைந்ததால் டி.எஸ்.எச். முதலில் குறைந்தது, தூண்டுவார் இல்லாமல் டி4 பின்னால் குறைந்தது. குறைந்த டி4, "இன்னும் டி.எஸ்.எச். வேண்டும்" என்று பிட்யூட்டரிக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்டுச் செய்ய அங்கே நல்ல செல்கள் இல்லை. பிட்யூட்டரிக் கட்டி அழுத்தினாலும், பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்கால் பிட்யூட்டரித் திசு செத்துப்போகும் ஷீஹான் நோயிலும் இதுதான் நடக்கிறது.

கிரேவ்ஸ் நோயில் இன்னொரு வகையான தடுமாற்றம். அங்கே டி4 மிக அதிகம், நோயாளி மெலிகிறார், இதயம் படபடக்கிறது. "எதிர்மறைப் பின்னூட்டம் மிகையாகச் செயல்பட்டு டி4ஐப் பெருக்கியது" என்று எழுதும் முன் டி.எஸ்.எச். எவ்வளவு என்று பாருங்கள். அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்து கிடக்கும். பின்னூட்டம் தன் வேலையை முழுவதும் செய்துவிட்டது, டி.எஸ்.எச்.சை ஏறக்குறைய நிறுத்தியே விட்டது. டி4ஐ உயர்த்திக்கொண்டிருப்பது டி.எஸ்.எச். ஏற்பியில் ஒட்டிக்கொண்டு சுரப்பியைத் தூண்டும் ஒரு நோய் எதிர்ப்புப் புரதம். அது வளையத்துக்கு வெளியே இருக்கிறது; டி4 எவ்வளவு ஏறினாலும் அதன் உற்பத்தி தணியாது. அதைத் தடுக்கும் கழித்தல் அம்பு எதுவும் இல்லை என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

ஆகவே எண்கள் தரப்பட்ட கேள்வியில், இரண்டும் எதிரெதிர் என்றால் பழுது தைராய்டில், இரண்டும் ஒரே பக்கம் என்றால் பழுது மேலே பிட்யூட்டரியிலோ ஹைபோதலாமஸிலோ என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச்.சைத் தானே சுரக்கும் அரிய பிட்யூட்டரிக் கட்டியில் டி4உம் டி.எஸ்.எச்.சும் சேர்ந்து உயர்ந்து காணப்படுவதும் இந்த விதிக்குள் அடங்கும். உடல் முழுவதும் தைராய்டு ஹார்மோனுக்குச் செவிசாய்க்காத பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அதிலும் இரண்டும் சேர்ந்து உயரலாம். பள்ளித் தேர்வில் அதைக் கேட்பது அரிது.

உண்மையில் பெருக்கும் வளையங்கள்

"பெருக்குகிறது" என்ற சொல் சரியாகப் பொருந்தும் இடங்களும் ஹார்மோன் பாடத்தில் உண்டு. பிரசவத்தில் குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது, ஆக்ஸிடோசின் சுரக்கிறது, கருப்பை இன்னும் சுருங்குகிறது, தலை இன்னும் அழுத்துகிறது. இந்தச் சுற்றில் கழித்தல் அம்பே கிடையாது. குழந்தை வெளியே வந்ததும் அழுத்தம் நின்று சுற்று அறுகிறது. கருமுட்டை வெளியேறும் முன் ஈஸ்ட்ரோஜன் உச்ச அளவில் இரண்டு நாள் போல் நீடித்து எல்.எச். அலையை எழுப்புவது இன்னொன்று. வினா அமைப்பவர்கள் இந்த இரண்டின் சொற்களை எடுத்துத் தைராய்டு வாக்கியத்தில் ஒட்டுவதால்தான் பல தவறான விடைகள் நம்பும்படி ஒலிக்கின்றன. அதிலும் ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய்ச் சுழற்சியின் மற்ற நாட்களில் எல்.எச்.சைத் தடுக்கவே செய்கிறது. ஹார்மோனின் பெயரைப் பார்த்து வளையத்தின் வகையை முடிவு செய்யாமல், கேள்வி எந்த நாளை, எந்த அளவைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

விடை எழுதும் முறை

கூற்று–காரணம் வகையில் ஒன்றைப் பார்ப்போம். கூற்று: அயோடின் பற்றாக்குறையில் டி.எஸ்.எச். உயர்கிறது. காரணம்: எதிர்மறைப் பின்னூட்டம் தைராக்ஸின் குறைவைப் பெருக்குகிறது. கூற்று சரி, காரணம் தவறு என்பதே விடை. இரண்டும் சரி என்று குறிப்பவர்கள் "எதிர்மறைப் பின்னூட்டம்", "தைராக்ஸின் குறைவு" என்ற பழகிய சொற்களைப் பார்த்ததும் வினைச்சொல்லைத் தாண்டிப் போயிருப்பார்கள். இத்தகைய கேள்வியில் முதலில் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்; பிறகு அது எதைப் பெருக்குகிறது, எதைக் குறைக்கிறது என்று கேளுங்கள். "டி.எஸ்.எச். சுரப்பைக் கூட்டுகிறது" என்றால் சரி. "டி4 குறைவைக் கூட்டுகிறது" என்றால் தவறு. எழுவாயும் வினையும் ஒன்றாகவே இருந்தாலும் நடுவில் உள்ள செயப்படுபொருள் விடையை மாற்றிவிடுகிறது.

விரிவான விடையில் கடைசி வாக்கியம் எப்போதும் தொடங்கிய ஹார்மோனிலேயே முடியட்டும். "டி4 குறைந்ததால் பிட்யூட்டரியின் மீதான தடை தளர்ந்து டி.எஸ்.எச். கூடுகிறது, அது தைராய்டைத் தூண்டுவதால் டி4 குறைவு ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது" என்று இரண்டு வரி போதும். டி4 உயரும் கேள்விக்கும் இதே வாக்கியம்தான், திசைகளை மட்டும் மாற்றுங்கள். எதிர்மறைப் பின்னூட்டம் குறைவையும் சரிசெய்யும், மிகையையும் சரிசெய்யும். அது எப்போதும் ஹார்மோனைக் குறைக்கவே செய்யும் என்று எண்ணுகிறவர்கள் முதல் வகைக் கேள்வியில் தவறுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் "பெருக்குகிறது" என்று பார்த்ததும் சுழித்துவிட்டுப் போகாமல், எதைப் பெருக்குகிறது என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். டி.எஸ்.எச்.சை நினைத்து எழுதிய மாணவருக்கு ஒரு சொல் மாற்றினால் போதும். டி4 குறைவையே நினைத்து எழுதியவருக்கு வளையத்தைக் கரும்பலகையில் மறுபடி முழுச் சுற்று வரைந்து காட்ட வேண்டும். விடைக்குறிப்பிலேயே தவறு இருந்தால், கழித்தல் அம்புகளை எண்ணி வளையத்தை வரைந்து, அந்தப் படத்தோடு ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.